உங்கள் பூவின் மறுபாதி எங்கள் மேசையில்

உட்காருங்கள். பின்வரிசையில் நிற்கும் பெற்றோர்களும் உட்காரலாம். போட்டி உங்களுக்கு இல்லையென்றாலும், இன்று நான் பேசப் போவதில் பாதி உங்களுக்கும்தான்.

மேடையில் ஈரத்துணி மூடிய தட்டுகள் தெரிகின்றன அல்லவா? எல்லாம் செம்பருத்தி. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று நம் ஆசிரியர்களும் மாணவர்களும் வீட்டு வாசலில் இன்று காலை ஆறு மணிக்குப் பறித்து வந்தவை. மாட வீதிப் பூக்கடையில் வாங்கியிருக்கலாமே என்று ஒரு அப்பா கேட்டார். மல்லி, சாமந்தி என்றால் வாங்கலாம், செம்பருத்தி அப்படிக் கடையில் தங்காது. காலையில் விரிந்த பூ மாலைக்குள் சுருண்டுவிடும். அதனால்தான் இந்தப் போட்டி காலையிலேயே நடக்கிறது. அடுக்குச் செம்பருத்தியை எடுக்கவில்லை. அதில் மகரந்தத் தாள்களே பல இதழாக மாறியிருக்கும், வெட்டிப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். எல்லாமே ஒற்றைச் செம்பருத்தி, ஐந்து இதழ்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும்: செம்பருத்திப் பூவின் நீள்வெட்டுத் தோற்றம். ஒரு மணி நேரம், ஏ4 தாள், பென்சில், ஸ்கேல், ரப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். புத்தகமும் இல்லை, சார்ட்டும் இல்லை. பூவை நாங்களே புது பிளேடால் வெட்டித் தருவோம். ஒரு பாதி உங்களிடம் வரும். மறுபாதி அதே எண் ஒட்டிய தட்டில் நடுவர் மேசையில் இருக்கும்.

இந்தப் போட்டியைப் பற்றி வராந்தாவில் சுற்றும் பேச்சுகளைக் கடந்த ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை தப்பு. தொடங்குவதற்கு முன் அவற்றைத் தீர்த்துவிடுகிறேன்.

முதல் பேச்சு: “டிராயிங் கிளாஸ் போறவங்கதான் ஜெயிப்பாங்க, ஷேடிங் கொடுத்தா மார்க் நிச்சயம்.” கொடுக்காதீர்கள். ஷேடிங்குக்கு மதிப்பெண் கிடையாது, பல இடங்களில் போகவும் போகும். காரணம் எளிது. வெட்டிய பூவில் நீங்கள் காட்ட வேண்டியது விளிம்புகளை: எது எங்கே தொடங்குகிறது, எது எதோடு ஒட்டியிருக்கிறது, எங்கே முடிகிறது. பென்சிலைச் சாய்த்துத் தேய்த்ததும் அந்த விளிம்பு புகைமூட்டத்தில் மறைந்துவிடும். சூல்பையின் சுவர் எவ்வளவு தடிப்பு என்று நடுவருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாமல் போயிருக்கலாம். உண்மையில் ஷேடிங் பல நேரம் தெரியாததை மூடி மறைக்கும் திரை. அதனால் நாங்கள் கேட்பது ஒற்றைக் கோடு. முடிமுடியாகக் கீறிக்கீறிச் சேர்த்த கோடு வேண்டாம், கையெழுத்துப் போல ஒரே இழுப்பில் வந்த கோடு. முதலில் மெல்லிய கோட்டில் எல்லைகளைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு சரியான கோட்டை மட்டும் அழுத்துங்கள், மிச்சத்தை ரப்பரால் அழித்துவிடுங்கள். ரப்பர் தடம் இருந்தால் மார்க் குறைப்பார்கள் என்பதும் வதந்திதான்.

கலர் பென்சில் பெட்டியோடு வந்திருப்பவர்கள் அதை மூடி வைக்கலாம். நிறத்தின் மேல் எனக்குப் பகை ஒன்றுமில்லை. ஆனால் வரைபடத்தில் நிறம் ஒரு குறியீடு. பார்க்கிறவர்கள் அதை உண்மை நிறமென்றே எடுத்துக்கொள்வார்கள். பத்தாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், சிரையில் ஓடும் ரத்தம் நீலம் என்று சிலராவது சொல்வார்கள். இதயப் படத்தில் புரிவதற்காகப் பூசிய நீலத்தின் வேலை அது. ரத்தப் பரிசோதனைக்கு லேபில் ஊசி குத்துவது சிரையில்தான். குழாயில் ஏறும் ரத்தத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அடர்சிவப்பு. நீலம் ஒரு சொட்டுக்கூட இருக்காது.

நிறம் இல்லாமல் பூவைக் காட்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கு இந்த ஊர்க் கதையே ஒன்று இருக்கிறது. கதீட்ரல் ரோடில் செம்மொழிப் பூங்கா இருக்கும் இடத்தை உங்கள் தாத்தாக்களிடம் கேளுங்கள், உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் காரில் உட்கார்ந்தபடி தோசை சாப்பிட்ட கதை சொல்வார்கள். அதற்கும் முன்னால் அது 1835இல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் நிலம். அந்தச் சங்கத்தோடு தொடர்பிலிருந்தவர்களில் ஒருவர் ராபர்ட் வைட். கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகச் சென்னைக்கு வந்து, தாவரவியலில் மூழ்கிப்போன ஸ்காட்லாந்துக்காரர். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி அவர் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட ‘ஐகோனஸ்’ என்ற தொகுப்பில் 2,101 படங்கள். அவற்றில் பெரும்பகுதியை வரைந்தவர்கள் இங்கேயே இருந்த இரண்டு ஓவியர்கள், முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. அச்சில் வந்த அந்தப் படங்களுக்கு நிறம் கிடையாது. கறுப்புக் கோடுகள் மட்டும். ஆனாலும் செடியை அடையாளம் காண அவை போதும். வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார், கோவிந்தூயியா என்று. அந்தப் பேரினம் பின்னாளில் வேறொன்றோடு சேர்க்கப்பட்டுவிட்டது என்பது வேறு விஷயம்.

அந்தப் படங்களின் அமைப்பு இன்று உங்களுக்குப் பயன்படும். ஒரு கிளை முழுதாக, பூவோடும் இலையோடும் பெரிதாக இருக்கும். அதே தாளின் ஓரத்தில் பூவின் உறுப்புகள் தனித்தனியாகப் பிரித்து, பெரிதாக்கி, எண் போட்டு வரையப்பட்டிருக்கும். ஏன் இப்படி? இது அடுத்த பேச்சுக்கு இட்டுச் செல்கிறது.

“படம் பெருசா இருந்தா நல்ல படம்.” பெரிதாக வரையுங்கள், தாளில் பாதிக்கு மேல் நிரம்பட்டும், சரி. ஆனால் எல்லா உறுப்பும் ஒரே மடங்கில் பெரிதாக வேண்டும். நேற்று மாலை ஒரு பூவை வெட்டி அளந்தேன். சூல்பையின் அடியிலிருந்து சூல்முடியின் நுனி வரை 72 மில்லிமீட்டர். அதில் சூல்பை மட்டும் 6 மில்லிமீட்டர். அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. படத்தில் அந்த 72ஐ 144ஆக வரைந்தால் இரண்டு மடங்கு. அப்போது சூல்பை 12 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும், உங்கள் சுண்டுவிரல் நகம் அளவு. ஆனால் பயிற்சி வகுப்பில் வந்த படங்களில் முக்கால்வாசியில் சூல்பை 30, 40 மில்லிமீட்டர். எலுமிச்சம்பழம் போல உட்கார்ந்திருக்கிறது. உள்ளே சூல்கள் தெரிய வேண்டும் என்று புத்தகத்தில் அப்படிப் பெருக்கிப் போட்டிருக்கிறார்கள், நீங்கள் அதை மனப்பாடம் செய்துவிட்டீர்கள்.

அப்படியென்றால் 12 மில்லிமீட்டருக்குள் சூல்களை எப்படிக் காட்டுவது? ரங்கையா காட்டிய வழிதான். முழுப் படத்தில் சூல்பையை அதன் அளவிலேயே வரைந்துவிடுங்கள். தாளின் ஓரத்தில் சூல்பையை மட்டும் தனிப்படமாக வரையுங்கள். 6 மில்லிமீட்டரை 60 ஆக்கினால் பத்து மடங்கு. முதல் படத்தின் கீழே ×2, இரண்டாவதன் கீழே ×10 என்று எழுதுங்கள். படத்தின் நீளத்தைப் பூவின் நீளத்தால் வகுத்தால் வருவதுதான் அந்த எண். ஊகித்து எழுதாதீர்கள். எங்களிடம் ஸ்கேல் இருக்கும், உங்கள் மறுபாதியும் இருக்கும். அளந்து பார்ப்போம்.

இனி இந்தப் போட்டியின் உயிரான பேச்சு: “புத்தகத்துல இருக்கிற மாதிரியே வரஞ்சா ஃபுல் மார்க்.” பொதுத்தேர்வில் அது ஓரளவு உண்மை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே திருத்துபவர் கையில் விடைக் குறிப்பு மட்டும்தான் இருக்கும். இங்கே எங்கள் கையில் பூ இருக்கிறது. புத்தகப் படம் எந்த ஒரு பூவின் படமும் அல்ல, பல பூக்களைப் பார்த்து ஒருவர் சமன் செய்து வரைந்தது. உங்கள் பாதிப் பூ அதோடு ஒத்துப்போகாது. எங்கே ஒத்துப்போகாது என்று நாங்கள் முன்கூட்டியே அறிவோம். அங்கேதான் முதலில் பார்ப்போம்.

சூல்பையை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் நடுவில் ஒரு அச்சு, இடப்பக்கம் ஒரு வரிசை சூல், வலப்பக்கம் அதே போல ஒரு வரிசை. கண்ணாடியில் பார்த்தது போலப் பொருத்தம். ஆனால் செம்பருத்தியின் சூல்பையில் ஐந்து அறைகள். ஐந்து ஒற்றைப்படை எண். நடுவழியாக ஒரு வெட்டு போட்டு, அது ஒரு பக்கம் அறையின் மத்தியில் போனால், எதிர்ப்பக்கம் இரண்டு அறைகளுக்கு நடுவிலிருக்கும் சுவரில்தான் போகும். வேறு வழி இல்லை. நம்பாதவர்கள் இன்று மதியம் வீட்டில் ஒரு ஐந்து பட்டை வெண்டைக்காயை எடுங்கள். அதுவும் செம்பருத்தியின் குடும்பம்தான். குறுக்கே நறுக்கினால் ஐந்து அறை நட்சத்திரமாகத் தெரியும். இன்னொன்றை நீளவாக்கில் சரியாக நடுவில் பிளந்து பாருங்கள். ஒரு பக்கம் விதை வரிசை நன்றாகத் திறந்திருக்கும், மறுபக்கம் அப்படி இருக்காது. சாம்பாருக்கு நறுக்கும் அம்மாக்கள் தினமும் பார்ப்பதுதான். பாட்டியையும் கூப்பிட்டுக் காட்டுங்கள், “இதுக்குப் பள்ளிக்கூடம் வேற போகணுமா” என்பார்.

ஆகவே இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் சூல்பையைக் கண்டால் எங்கள் பேனா நின்றுவிடும். அது பூவிலிருந்து வந்ததா, நினைவிலிருந்து வந்ததா என்று மறுபாதியை எடுத்து லென்ஸில் பார்ப்போம். போன வருடம் ஒரு படத்தில் வலப்பக்கம் ஏழு சூல், இடப்பக்கம் வெறும் சுவர். குழந்தை பாதியில் விட்டுவிட்டாள் என்று அவள் அம்மாவே வருத்தப்பட்டார். மறுபாதியைக் காட்டினேன். அதிலும் ஒரு பக்கம் சுவர்தான் இருந்தது. அந்தப் படத்துக்கு அந்தப் பகுதியில் முழு மதிப்பெண்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் பாதியும் எங்கள் பாதியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். உங்களுடையதில் பூச்சி கடித்த இதழ் வலப்பக்கம் இருந்தால் எங்களுடையதில் இடப்பக்கம் இருக்கும். இதை நினைவில் வைத்துத்தான் திருத்துவோம், பயப்படாதீர்கள்.

அடுத்தது சூல் தண்டு. புத்தகத்தில் மகரந்தத் தாள்கள் சேர்ந்த குழாயின் நடுவே சூல் தண்டு ஒய்யாரமாக மேலேறிப் போகும். உங்கள் பாதியில் அது இல்லாமல் போகலாம். சூல் தண்டு நூல் மாதிரி மெல்லியது. பிளேடு அதைச் சரிபாதியாகப் பிளப்பது அபூர்வம். பெரும்பாலும் முழுத் தண்டும் ஒரு பாதிக்குப் போய்விடும், மறுபாதியில் வெறும் பள்ளம் மிஞ்சும். உங்களுக்குப் பள்ளம் வந்தால் பள்ளத்தையே வரையுங்கள். ஓரத்தில் ‘சூல் தண்டு மறுபாதியில்’ என்று ஒரு வரி எழுதுங்கள். அதற்காக எதுவும் குறையாது. இல்லாத தண்டை வரைந்தால் குறையும். எங்கள் தட்டில் இரண்டாவது தண்டாக அது வந்து நிற்குமே! தண்டு வந்தவர்கள் அதன் நுனியைப் பாருங்கள்: ஐந்து கிளை, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சின்ன வெல்வெட் பொத்தான். அதுதான் சூல்முடி.

மகரந்தப்பையில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. வகுப்பில் பொதுவான மகரந்தப்பையைப் படித்திருப்பீர்கள், இரண்டு மடல், பட்டாம்பூச்சி போல. அதைக் கொண்டுவந்து செம்பருத்திக் குழாயில் ஒட்டிவிடுகிறீர்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள். செம்பருத்தியில் ஒவ்வொரு மகரந்தப்பையும் ஒரே மடல், சிறுநீரக வடிவம், முந்திரிப்பருப்பு போல. எல்லாவற்றையும் எண்ணி வரைய வேண்டியதில்லை. குழாயின் விளிம்பில் தெரிபவற்றை ஒழுங்காக வரைந்தால் போதும். ஆனால் வரைந்தவை முந்திரியாக இருக்க வேண்டும்.

இதழின் அடிப்பாகத்திலும் கண் வையுங்கள். இதழ்கள் மேலே தனித்தனிதான், ஆனால் அடியில் மகரந்தத் தாள் குழாயோடு ஒட்டியிருக்கும். வீட்டுப் பூவில் ஒரு இதழை மெல்லப் பிடித்து இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குழாயும் கூடவே அசையும். வெட்டில் இது தெளிவாகத் தெரிகிறது. இதழுக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி விட்டு வரைந்தால் பூவின் உறவையே பிரித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அதே போல வெளியே பச்சையாக இருப்பதெல்லாம் புல்லி அல்ல. கோப்பை போலச் சேர்ந்து மேலே ஐந்து பல்லாகப் பிரிவதுதான் புல்லி வட்டம். அதற்கும் வெளியே மெல்லிய பச்சைக் கீற்றுகள் தனித்தனியாக நிற்கும், முழுப் பூவில் ஐந்திலிருந்து எட்டு வரை. அது புறப்புல்லி வட்டம். உங்கள் பாதியில் மூன்றோ நான்கோ வரும்.

பாகம் குறிப்பதைப் பற்றி, “எவ்ளோ லேபிள் போடறோமோ அவ்ளோ மார்க்” என்கிறார்கள். பத்துக்கு மேல் எங்களுக்குத் தேவையில்லை. தப்பான ஒன்று சரியான ஒன்றை ரத்து செய்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். கோடு ஸ்கேல் வைத்து. நுனியில் அம்புக்குறி வேண்டாம். அம்பு என்றால் ஏதோ நகர்கிறது என்று பொருள், ரத்தம் ஓடுவதற்கும் ஒளிக்கதிருக்கும் அது. கோட்டின் முனை உறுப்பைத் தொட வேண்டும், பக்கத்தில் காற்றில் நிற்கக் கூடாது. ஒன்றையொன்று குறுக்கே வெட்டக் கூடாது. நாங்கள் திருத்தும்போது செய்யும் முதல் வேலை, கோட்டின் முனையில் பென்சில் நுனியை வைத்து, பெயரைக் கையால் மூடிக்கொண்டு, “இது என்ன?” என்று எங்களையே கேட்பது. அந்த முனையில் சூல்பையும் இல்லை, சூல் தண்டும் இல்லை, இரண்டும் சேரும் இடம்தான் இருக்கிறது என்றால் உங்கள் பெயர் சரியாக இருந்தும் பயனில்லை.

தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்தில் எழுதலாமா என்று பலர் கேட்டீர்கள். இரண்டில் எதுவும் சரி. ஒரே படத்தில் இரண்டையும் கலக்காதீர்கள், அவ்வளவுதான்.

மதிப்பெண் மொத்தம் இருபது. உங்கள் பாதிப் பூவோடு பொருந்துகிறதா என்பதற்கு ஏழு, அளவு விகிதத்துக்கு ஐந்து, கோட்டுக்கு மூன்று, பாகங்களுக்கு நான்கு, தலைப்பும் மடங்கும் எழுதியதற்கு ஒன்று. அழகுக்கு என்று தனியாக எதுவும் ஒதுக்கவில்லை. இதைச் சொன்னதும் ஓவிய ஆசிரியர் முகம் வாடிவிட்டது, அவரிடம் பிறகு சமாதானம் பேசிக்கொள்கிறேன்.

கடைசியாக, வெட்டிய செம்பருத்தியிலிருந்து வழவழப்பான சாறு வரும். பாட்டி தலைக்குத் தேய்க்கச் செம்பருத்தி இலையை அரைக்கும்போது வருமே, அதேதான். அது தாளில் பட்டால் பென்சில் ஏறாது. பூவைத் தட்டிலேயே வைத்துப் பாருங்கள், தாளின் மேல் வைக்காதீர்கள். பெற்றோர்கள் இனி வராந்தாவுக்குப் போய்விடுங்கள், ஜன்னல் வழியாகச் சைகை காட்ட வேண்டாம். முதல் வரிசையிலிருந்து தட்டு வருகிறது. எண்ணைச் சரிபார்த்துத் தாளின் வலது மேல் மூலையில் எழுதுங்கள். முதல் ஐந்து நிமிடம் பென்சிலைத் தொடாமல் லென்ஸை மட்டும் பிடியுங்கள். மணி ஒன்பதரை. பத்தரைக்கு மணி அடிக்கும்.